ஏர்லி கிளைம்

எங்கள் தொழிலில் ‘ஏர்லி கிளைம்’ என்று ஒரு சொல் உண்டு. இப்போதெல்லாம் அதை பைலுக்குள் மட்டும்தான் எழுதுகிறேன். வெளியே போகும் கடிதத்தில் எழுதி ஐந்தாறு வருடமாகிறது. அலுவலகத்தில் கேட்டால், பாலிசி ஆரம்பித்தோ, நின்றுபோனதைப் புதுப்பித்தோ மூன்று வருடத்துக்குள் ஆள் இறந்துவிட்டால் அது ஏர்லி கிளைம், விசாரணை உண்டு, அவ்வளவுதான் என்பார்கள். அந்தச் சொல்லில் யாரையும் குற்றம் சொல்கிற தொனியே கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்து என் மேஜைக்கு எதிரே உட்காரும்வரை.

2018-ல் கடலூரில் ஓர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கிளைம் பிரிவு. திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம். சேர்ந்த முதல் வாரமே ஒரு அச்சடித்த கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். மேலே பாலிசி எண், கீழே பதினொரு வரிகள், ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு கட்டம். மரணம் பற்றித் தகவல் வந்தால், எந்தெந்தக் காகிதம் வேண்டுமோ அந்தக் கட்டத்தில் டிக் போட்டு அனுப்ப வேண்டும். எது யாருக்கு வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தபோது பக்கத்து சீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார்: “எல்லாத்துக்கும் டிக் போட்டுடுப்பா. ஆடிட்ல எவனும் கேக்க மாட்டான். கேக்காம விட்டாதான் கேள்வி வரும்.” அது எனக்கு ரொம்பவே புத்திசாலித்தனமாகப் பட்டது. ஒரு விதி வேறு துணைக்கு இருந்தது. 2017-ல் வந்த பாலிசிதாரர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, என்னென்ன காகிதம் வேண்டும் என்பதைத் தகவல் வந்த 15 நாளுக்குள் ஒரே தடவையில் கேட்டுவிட வேண்டும் என்று அப்போது இருந்தது. இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி. நாங்கள் அதை ‘எதற்கும் எல்லாவற்றையும் கேட்டு வைத்துவிடு’ என்று புரிந்துகொண்டோம்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் பலாப்பழ மண்டியில் சுமை தூக்குபவர். 2012 மார்ச்சில் ஒரு பாலிசி போட்டிருந்தார். ஒன்றரை லட்சம், இருபது வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரீமியம். 2015 நவம்பர் வெள்ளம் அந்தப் பக்கத்து ஊர்களை என்ன செய்தது என்று கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த டிசம்பர் தவணையிலிருந்து கட்டவில்லை. பாலிசி காலாவதியானது. 2017 ஜூனில் ஏஜெண்ட் தேடிப் போய், பாக்கியை வட்டியோடு கட்டவைத்து, ‘நலமாக இருக்கிறேன்’ என்ற உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிப் புதுப்பித்தார். 2019 ஜனவரியில் நெஞ்சுவலி. அரசு மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் இல்லை.

பத்தாம் நாளே ஏஜெண்ட் மூலம் எங்களுக்குத் தகவல் வந்துவிட்டது. நான் விதிப்படி 15 நாளுக்குள் கடிதம் அனுப்பினேன். பதினொரு டிக். மேலே சிவப்பு மையில் ஒரு வரி: ‘ஏர்லி கிளைம் என்பதால் கீழ்க்கண்டவை அனைத்தும் கட்டாயம்.’ அதன்பின் பதில் இல்லை. டைரியில் ‘பார்ட்டியிடமிருந்து பதில் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பைலை எடுத்தேன்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை

அவர் வந்தபோது மதியம் ஆகியிருந்தது. கூட ஒன்பதாவது படிக்கும் மகள், பள்ளிக்கூட யூனிஃபார்மில். ஜவுளிக்கடை மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். பாலிசி பத்திரம், இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எதற்கென்று தெரியாமல் கல்யாண போட்டோ. கடைசியாக என் கடிதம். நாலாக மடித்து, மடிப்பு கிழிந்து, பின்னால் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. நூறு தடவையாவது பிரித்துப் படித்திருப்பார்கள்.

“ஏம்மா, ஜனவரியில அனுப்பின லெட்டர். ஆறு மாசம் கழிச்சு வரீங்க?” என்றேன். கொஞ்சம் அதிகாரமாகத்தான் கேட்டேன்.

அந்த அம்மா தலைகுனிந்தார். “நீங்கதானே சார் எழுதியிருந்தீங்க” என்றார்.

“என்ன எழுதியிருந்தேன்?”

பெண்தான் பதில் சொன்னது. சிவப்பு வரியில் விரலை வைத்து, “ஏர்லி கிளைம்னு போட்டிருக்கு சார். ஏர்லினா சீக்கிரம். சீக்கிரமா வந்து கேட்டுட்டோம்னு.”

எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. அந்த அம்மா தொடர்ந்தார். “கருமாதிகூட முடியல, பத்தாம் நாளே பணத்துக்கு எழுதிப் போட்டுட்டாளேன்னு ஆபீஸ்ல நெனச்சுட்டாங்கன்னு எங்க மாமியா ஒரே அழுகை சார். நான் எழுதச் சொல்லல, ஏஜெண்டுதான் எழுதினாரு. ஊரே கேக்குற மாதிரி ஆயிடுச்சு. சரி, ஆறு மாசம் போவட்டும், அப்புறம் போயி கேப்போம்னு இருந்தோம்.”

ஆறு மாதம். ஒரு குடும்பம் தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் எழுதிய ஒரு வரியால். அவர்கள் வாசித்ததில் தப்பே இல்லை. இரண்டு சொல், இரண்டுக்கும் அகராதியில் அந்த அர்த்தம்தான். எங்களுக்கு மட்டும்தான் அது வேறு அர்த்தம்.

அப்புறம் பதினொரு டிக்குக்கு வந்தோம். அதில் ஒரு வரி, வேலை கொடுத்தவரின் சான்று. இவர் தினக்கூலி, யாரும் மாதச் சம்பளம் கொடுத்ததில்லை. அந்த வரி மாதச் சம்பளக்காரர்களுக்கானது. இந்த அம்மா மண்டி முதலாளியிடம் போய் நின்றிருக்கிறார். கையெழுத்துப் போட்டால் பின்னால் நஷ்டஈடு கேட்டு வருவார்களோ என்று பயந்து அவர் முடியாது என்றுவிட்டார். இன்னொரு வரி, வாரிசு சான்றிதழ். அதற்காகத் தாலுகா ஆபீஸ் நடையாய் நடந்து, வெளியே உட்கார்ந்து மனு எழுதுபவருக்கு 300 ரூபாய் கொடுத்து, விஏஓ, ஆர்ஐ என்று சுற்றியிருக்கிறார். பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாமினி இந்த அம்மாவேதான். நாமினி உயிரோடு இருந்து கேட்கும்போது எங்களுக்கு வாரிசு சான்றிதழ் தேவையே இல்லை. முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் விபத்துக்கும் தற்கொலைக்கும்தான். மருத்துவமனையில் நெஞ்சுவலியில் போனவருக்கு எதற்கு? பதினொன்றில் நான்கு வேண்டாதவை. நான்கிலும் என் பேனாவின் டிக்.

“இதெல்லாம் வேணாம்மா” என்று சொன்னபோது அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “வேணாமா?” என்று சந்தோஷமாகக் கேட்டார். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்

அன்று சாயங்காலமே புதுக் கடிதம் ஒன்றை எழுத உட்கார்ந்தேன். குற்ற உணர்ச்சியில் எழுதினால் எப்படி வருமோ அப்படியே வந்தது. ‘தங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்டுள்ள ஈடுசெய்ய இயலாத பேரிழப்பு எங்கள் நெஞ்சங்களை உலுக்கியது. அன்னாரின் ஆன்மா இறைவனின் நிழலில் இளைப்பாற’ என்று ஆரம்பித்து அரைப் பக்கம். முடிவில், ‘கவலை வேண்டாம், உங்கள் பணம் விரைவில் உங்களை வந்தடையும்.’

எங்கள் பிரிவில் முப்பது வருட சர்வீஸ் போட்ட மேடம் ஒருவர் இருந்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “என்னப்பா இது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கு. கீழ ‘இவண்: நண்பர்கள்’னு மட்டும்தான் போடல.” சிரித்துவிட்டு, கடைசி வரியின்மேல் மட்டும் இரண்டு கோடு கிழித்தார். “இதுதான் ஆபத்து. விசாரணை இன்னும் முடியல. முடிவு எடுக்கப்போறது மேலாபீஸ், நீயோ நானோ இல்ல. இந்த லெட்டரைக் காட்டி அந்தம்மா எவன்கிட்டயாவது பத்து வட்டிக்கு வாங்கிட்டா? நாளைக்கு மேலாபீஸ் இல்லன்னு சொல்லிட்டா?”

நான் அப்படி யோசித்ததே இல்லை. பணம் வரும் என்று ஒரு வரி எழுதுவது ஆறுதல் என்றே நினைத்திருந்தேன். இரங்கலுக்கு ஒரு வரி போதும், மிச்ச இடத்தில் ஏன் விசாரிக்கிறோம் என்று எழுது என்றார் மேடம். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் ஏன் விசாரிக்கிறோம் என்று எனக்கே முழுதாகத் தெரியாது.

மேடம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். காப்பீட்டுச் சட்டம் 1938, பிரிவு 45. 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று வருடம் தாண்டிய பாலிசியை எந்தக் காரணத்தைச் சொல்லியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த மூன்று வருடத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சூட்சுமம். பாலிசி ஆரம்பித்த நாள், புதுப்பித்த நாள், இப்படிப் பலவற்றில் எது கடைசியோ அதிலிருந்து. பாலிசிக்கு ஏழு வயது ஆகப்போகிறது என்று அந்தக் குடும்பம் நினைத்துக்கொண்டிருந்தது. சட்டத்தின் கணக்கில் அதற்கு வயது ஒன்றரை வருடம்தான். ஆகவே விசாரணையில் உண்மையில் இருப்பது ஒரே ஒரு கேள்வி: 2017 ஜூனில் ‘நலமாக இருக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டபோது, தனக்கு ஒரு வியாதி இருப்பது அவருக்குத் தெரியுமா?

சரி, தெரிந்தே மறைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மொத்தமும் போய்விடாது. புதுப்பித்தல் மட்டும்தான் செல்லாமல் போகும். அதற்கு முன்னால் மூன்று வருடத்துக்கு மேல் கட்டியிருப்பதால் பாலிசிக்கு ஒரு குறைந்த மதிப்பு நிற்கும். இருபது வருடத்துக்கு 80 தவணை; வெள்ளத்துக்கு முன் அவர் கட்டியது 15. ஒன்றரை லட்சத்தில் 80-க்கு 15 பங்கு என்றால் 28,125 ரூபாய், அதோடு அதுவரை சேர்ந்த போனஸ். ஆக, அந்தக் குடும்பத்துக்கு ஒன்றரை லட்சமா இருபத்தெட்டாயிரமா என்பது ஒரு தேதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தேதியைப் பற்றி என் பழைய கடிதத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

நான்காவது தடவை எழுதியதை மேடம் திருத்தாமல் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த அம்மாவின் விவரங்களை விட்டுவிட்டு அப்படியே தருகிறேன்:

“மதிப்பிற்குரிய அம்மா, உங்கள் கணவர் மறைந்த செய்தி அறிந்து வருந்துகிறோம். ஜனவரியில் நாங்கள் அனுப்பிய கடிதத்தில் தவறுகள் இருந்தன. இந்தக் கடிதத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சீக்கிரமாகக் கேட்டுவிட்டதாக நாங்கள் நினைக்கவில்லை. உரிய நேரத்தில்தான் தெரிவித்தீர்கள்.

உங்கள் கணவரின் பாலிசி 2015 டிசம்பரில் நின்று, 2017 ஜூனில் புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்து மூன்று வருடம் ஆவதற்குள் இறப்பு நேர்ந்தால், புதுப்பித்த சமயத்தில் அவர் உடல்நிலை எப்படி இருந்தது என்று பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்காகத்தான் மருத்துவக் காகிதங்களைக் கேட்கிறோம். அவர் எந்த வியாதிக்கு எப்போது முதன்முதலாக மருத்துவரிடம் போனார் என்ற தேதி முக்கியம். பழைய ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு எது இருந்தாலும் கொண்டுவாருங்கள்.

வேண்டியவை ஏழு. அவற்றில் பாலிசி பத்திரம், இறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல் மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. உரிமைப் படிவத்தை இங்கே வந்தால் நாங்களே நிரப்பித் தருவோம். மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டிய படிவங்கள் இரண்டு. தகனத்துக்கு வந்திருந்த, உறவினர் அல்லாத ஒருவர் கையெழுத்திட வேண்டிய படிவம் ஒன்று.

வாரிசு சான்றிதழ், வேலை கொடுத்தவர் சான்று, போலீஸ் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவை வேண்டாம். அவற்றுக்காக அலைய வேண்டாம்.

கடைசிக் காகிதம் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எங்கள் முடிவை எழுத்தில் தெரிவிப்போம். என்ன முடிவு என்று இப்போதே சொல்ல முடியாது.”

கடைசியில் என் பெயர், நேர் போன் எண். ‘வேண்டாம்’ என்று ஒரு பத்தி எழுதலாம் என்பது அதுவரை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. கிளை மேலாளர் கையெழுத்துப் போடும்போது “தவறுகள் இருந்தன” என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். மேடம் பக்கத்தில் நின்று, “விசாரணைக்கு நமக்கு இருந்த 90 நாள் ஏப்ரல்லயே முடிஞ்சு போச்சு சார்” என்று மட்டும் சொன்னார். கையெழுத்து விழுந்தது.

ஓ.பி. நோட்டு

ஒரு வாரத்தில் மகள் போன் செய்தாள். “சார், ஜிப்மர் நோட்டு ஒண்ணு இருக்கு. அப்பாவுக்கு சுகர் இருந்துச்சு. அதைக் காட்டினா பணம் வராதுன்னு சித்தப்பா சொன்னாரு, அரிசி டின்னுல வச்சிருக்கோம். லெட்டர்ல கொண்டுவரச் சொல்லியிருக்கீங்க. கொண்டுவரலாமா?”

கொண்டுவரச் சொன்னேன். மனசுக்குள் பயம்தான். நோட்டு என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? 2016 என்று இருந்துவிட்டால் நானே அந்தக் குடும்பத்தின் கையால் அவர்களுக்கு எதிரான ஆதாரத்தை வாங்கியவன் ஆவேன். இதை மேடத்திடம் சொன்னபோது, “ஒளிச்சா மட்டும்? விசாரணை ஆளு ஜிப்மருக்குப் போகத்தான் போறான்” என்றார்.

முதல் பக்கத்தில் பதிவு தேதி நீல சீலில் இருந்தது: 2017 நவம்பர். அதற்குக் கீழே டாக்டரின் கிறுக்கலில், சர்க்கரை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற குறிப்பு. புதுப்பித்து ஐந்து மாதம் கழித்து. அரிசி டின்னில் ஒளித்துவைத்திருந்த நோட்டுதான் அந்தக் குடும்பத்துக்கு இருந்த மிகப் பெரிய சாட்சி. என் முதல் கடிதத்தைப் படித்துத்தான் ஒளித்திருக்கிறார்கள். ‘அனைத்தும் கட்டாயம்’ என்று சிவப்பு மையில் கேட்பவனிடம் யார்தான் வியாதிச் சீட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

செப்டம்பரில் ஒன்றரை லட்சமும் போனஸும் அந்த அம்மாவின் கணக்கில் ஏறியது. வட்டி கிடையாது. தாமதத்துக்கு வட்டி உண்டுதான், ஆனால் கடைசிக் காகிதம் வந்த பிறகு கம்பெனி தாமதித்தால்தான் அது. வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த ஆறு மாதம் எந்தக் கணக்கிலும் வராது. அதற்குக் குறிப்பு எழுதிப் பார்த்தேன், விதியில் இடமில்லை என்று திரும்பி வந்தது.

எந்த பஸ்?

இதெல்லாம் பணம் கிடைத்த கதை. எழுதுவதற்கு இதைவிடக் கடினமானது ‘இல்லை’ என்கிற கடிதம். அடுத்த வருடம் அப்படி ஒன்று வந்தது. மகன் பெயரில் பாலிசி, சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு போட்டது, விண்ணப்பத்தில் ஒரு வியாதியும் இல்லை என்று எழுதியிருந்தது. மருத்துவமனை ஆவணம் தெளிவாக இருந்தது. மேலாபீஸ் நிராகரித்தது. அதில் எனக்கும் மறுப்பில்லை.

எங்கள் வழக்கமான நிராகரிப்புக் கடிதத்தில் ‘இல்லை’ என்பது இரண்டாம் பக்கத்தில்தான் வரும். அதுவரை படிப்பவர் பணம் வருகிறது என்றே நினைத்துக்கொண்டு போவார். நான் அதை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். அடுத்து எந்த மருத்துவமனை, எந்தத் தேதி, விண்ணப்பத்தின் எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று மூன்று வரி. ‘மோசடி’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். விண்ணப்பத்தை நிரப்பியது ஏஜெண்ட், கையெழுத்து மட்டும்தான் பையனுடையது என்பது பார்த்தாலே தெரிந்தது. கடைசிப் பத்தியில், இந்த முடிவை ஏற்காவிட்டால் முதலில் எங்கள் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம் என்று எழுதி முகவரியும் போட்டேன். ரொம்பத் தெளிவாக எழுதிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனின் அப்பா வந்தார். கையில் என் கடிதம், கூடவே குறைதீர்ப்பு அதிகாரியின் பதில். அதுவும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் கடைசிப் பத்தியில் விரலை வைத்து, “தம்பி, இந்த மெட்ராஸ் ஆபீசுக்குப் போகணும். இங்கேருந்து பஸ்சு ஏறினா எங்க இறங்கணும்? ஒரு நாள் கூலி போவும், அதான் கேட்டுக்கிட்டுப் போலாம்னு” என்றார்.

“போக வேண்டாம் ஐயா. தபால்ல அனுப்பினா போதும்.”

“அப்புடின்னு இதுல இல்லியே?”

வாங்கிப் பார்த்தேன். இல்லை. அவரை உட்காரச் சொல்லிவிட்டு, எங்கள் கம்பெனிமேல் அவர் கொடுக்கப்போகும் புகாருக்கு என் டிராயரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளும் நீளக் கவரும் எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுதி முடிக்கும்வரை, கம்ப்யூட்டரில் அந்தக் கடிதத்தின் மாதிரியைத் திறந்து முகவரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்.